எழுந்து போகும் முன் சொல்ல வேண்டிய மூன்று வரி

ஜாதகம் பார்க்கத் தெரிந்தவர்கள் காவிரிக் கரையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கும்பகோணத்தைச் சுற்றி ஒன்பது கிரகத்துக்கும் கோயில் இருக்கிற பகுதி இது. தெருவுக்கு ஒருவர் பஞ்சாங்கம் வைத்திருப்பார். லக்னம் போடுவது, தசா புத்தி கணக்கிடுவது, கோட்சாரம் பார்ப்பது எல்லாவற்றையும் பற்றி எங்களுக்குள் மணிக்கணக்கில் வாதம் நடக்கும். ஆனால் பலன் சொல்லி முடிக்கும் கடைசி ஐந்து நிமிடத்தைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. எனக்கு இது வெகுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. வந்தவர் படியிறங்கிப் போய்ச் செருப்பு மாட்டும்போது அவர் மனதில் என்ன தங்கியிருக்கிறதோ அதுதான் அவர் வீட்டுக்குக் கொண்டுபோகிற பலன். முக்கால் மணி நேரம் நாம் சொன்னதெல்லாம் அதற்குள் அடங்கியிருக்க வேண்டும். பெரும்பாலும் அடங்குவதில்லை.

வைத்தீஸ்வரன்கோயில் நாடி ஜோதிடர்கள் இதை வேறு விதமாகச் சமாளித்தார்கள். படித்த பலனை நோட்டில் எழுதிக் கொடுப்பார்கள், ஒரு காலத்தில் கேசட்டிலும் பதிந்து கொடுப்பார்கள். பரிகாரத்துக்கு என்று தனிக் காண்டங்களே உண்டு. இப்போது வருகிறவர்களே கைப்பேசியில் பதிவு செய்துகொள்கிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. ஆனால் ஐம்பது நிமிடப் பதிவை வீட்டில் உட்கார்ந்து மறுபடி கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் பயமுறுத்திய இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

2025 ஐப்பசியில் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். திருவையாறு பக்கத்துக்காரர், சம்பா நட்டுவிட்டு வந்திருந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எனக்கு முன்பே வேறொரு இடத்தில் ஜாதகம் பார்த்துவிட்டார். அந்தப் பதிவும் அவர் கைப்பேசியில் இருந்தது. “அவர் என்ன சொன்னார்?” என்று கேட்டேன். “ராகு நாலுல இருக்காம் ஐயா. நிலம் நிக்காதாம். ஏழரையும் பிடிச்சிருச்சாம். நேரம் சரியில்லைன்னுட்டாரு” என்றார். அவ்வளவுதான் அவரிடம் மிஞ்சியிருந்தது. அந்தப் பதிவை நானும் கொஞ்சம் கேட்டேன். கணக்கில் பெரிய குற்றம் சொல்ல முடியாது. நல்லதும் கெட்டதுமாக நியாயமாகத்தான் பேசியிருக்கிறார். கடைசியில் ஆறேழு கோயில் பெயரைச் சொல்லி, “இதையெல்லாம் செய்யுங்க, சரியாயிடும்” என்று முடித்திருக்கிறார்.

ஜாதகத்தைப் பார்ப்போம். 1981இல் பிறந்தவர். மேஷ லக்னம், மேஷ ராசி, பரணி முதல் பாதம். அந்த ஆண்டில் ராகு கடகத்தில் இருந்தது, சனியும் குருவும் கன்னியில் சேர்ந்திருந்தன. ஆக மேஷ லக்னத்துக்கு நிலம், வீட்டைக் காட்டும் நாலாமிடத்தில் ராகு. கடன், வழக்கைக் காட்டும் ஆறாமிடத்தில் சனியும் குருவும். நடப்பது ராகு தசை. அதில் சனி புத்தி 2024 ஆகஸ்டு வாக்கில் தொடங்கி 2027 ஜூன் வரை, இரண்டு வருஷம் பத்து மாதம். நிலமும் கடனும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் காலம் என்று ஆரம்பப் பாடம் படித்தவர்கூடச் சொல்லிவிடுவார். ஆனால் நாலுக்குடைய சந்திரன் லக்னத்திலேயே இருக்கிறது. சனி ஆறில் இருந்தால் கடனைக் காட்டும், அதை உழைத்து அடைக்கிற வலுவையும் தரும் என்பது எங்கள் மரபு. “நிலம் நிக்காது” என்று ஒரே போடாகச் சொல்ல இதில் இடமில்லை.

அவர் கேட்க வந்த கேள்வி சாதாரணமானது. ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். கூட்டுறவுச் சங்கத்தில் நகைக் கடன். ஊரில் ஒருவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கிய இரண்டு லட்சம். தரகர் ஒருவர் மூன்று மாவுக்கு ஆள் இருக்கிறது, முன்பணம் தருகிறேன் என்று நெருக்குகிறார். விற்கலாமா, கூடாதா?

கடைசிக்குப் போகும் வழி

நான் செய்கிற முதல் காரியம், கடிகாரத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரத்தை முடிவுக்கென்று ஒதுக்குவது. அந்த நேரத்துக்குள் புதிய கிரகம் எதையும் பேச்சில் இழுக்க மாட்டேன். இது கேட்பதற்கு எளிது, செய்வது கஷ்டம். எழுந்து நிற்கும்போதுதான் “செவ்வாய் எப்படி ஐயா?” என்று கேட்பார்கள். நமக்கும் தெரிந்ததைச் சொல்ல நாக்கு துடிக்கும். கடைசியில் சொன்னதுதான் ஞாபகத்தில் நிற்கும் என்பதால், போகிற போக்கில் சொன்ன செவ்வாய் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். “அதை அடுத்த தடவை பார்ப்போம், இப்ப நீங்க கேட்க வந்ததை முடிச்சுடுவோம்” என்று சொல்லிவிடுவேன்.

அடுத்து, அவர் முதலில் கேட்ட கேள்வியை அவர் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்வேன். “கடனை அடைக்க மூணு மா விக்கலாமான்னு கேட்டு வந்தீங்க.” பேச்சு பிள்ளைகள் படிப்பு, மனைவியின் முதுகுவலி என்று சுற்றியிருக்கும். கேள்வியை மறுபடி நடுவில் வைத்தால்தான் சொல்லப்போகும் சுருக்கம் எதற்குப் பதில் என்று அவருக்குத் தெரியும்.

அப்புறம் சுருக்கம். மூன்று வாக்கியத்துக்கு மேல் போகக் கூடாது. வீட்டு எண்ணும் கிரகப் பெயரும் அதில் வரக் கூடாது என்பது நான் கடைப்பிடிக்கிற விதி. கிரகத்தைப் பற்றி அதுவரை பேசியாயிற்று. “ராகு நாலில்” என்பது எனக்குக் கணக்கு. அவருக்கு அது வீட்டுக்குள் வந்துவிட்ட பாம்பு மாதிரி. அவரிடம் சொன்னது இது: “நிலம் உங்களை விட்டு முழுசாப் போகும்னு ஜாதகத்துல இல்லை, ஆனா அதுல இழுபறி இருக்கு. 2027 நடுப்பகுதி வரைக்கும் கடன் பேச்சு ஓயாது, உழைச்சு அடைக்கிற தெம்பும் கூடவே இருக்கு. இந்தக் காலத்துல உங்களுக்கு ஆபத்து அவசரக் கையெழுத்துதான்.”

‘நடுப்பகுதி’ என்று மழுப்பலாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஜாதகத்தில் அவர் பிறந்த நேரத்தின் பக்கத்தில் ‘சுமார்’ என்று எழுதியிருந்தது. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். பரணியில் பிறந்தவருக்கு அந்த ஒரு நாள்தான் சுக்கிர தசையின் இருபது வருஷம். ஆக, பிறந்த நேரத்தில் ஒரு மணி நேரம் பிசகினால் அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு தசையும் புத்தியும் பத்து மாதம் நகர்ந்துவிடும். ஆறு நிமிடப் பிசகுக்கு ஒரு மாதம். வீட்டில் பிரசவம் நடந்து, யாரோ கடிகாரத்தை எட்டிப் பார்த்துச் சொன்ன நேரத்தை வைத்துக்கொண்டு “ஜூன் 14ஆம் தேதியோடு தொல்லை தீரும்” என்று சொல்லக் கூடாது. கணினி நாள் வரைக்கும் அச்சடித்துத் தருகிறது என்பதற்காக நாமும் நாள் சொல்ல வேண்டியதில்லை.

ஏழரைச் சனிக்கும் இதே கதை. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29ஆம் தேதியே சனி மீனத்துக்குப் போய்விட்டது. அந்தக் கணக்கில் மேஷ ராசிக்கு ஏழரை தொடங்கிவிட்டது. திருநள்ளாற்றில் வாக்கியப் பஞ்சாங்கம்தான், அதன்படி பெயர்ச்சி 2026 மார்ச்சில். ஐப்பசியில் என்னிடம் வந்தவருக்கு ஒரு கணக்கில் ஏழரை வந்துவிட்டது, இன்னொரு கணக்கில் வரவில்லை. தொலைக்காட்சியில் ஒன்று, கோயிலில் ஒன்று என்று கேட்டு அவர் மேலும் குழம்பியிருந்தார். ஏழரையைச் சுருக்கத்தில் சேர்க்காமல் விட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அதை நம்பி நிற்கவில்லை.

“ஆக, விக்கக் கூடாதுங்கிறீங்க”

சுருக்கத்தைச் சொன்னதும் நான் நிறுத்திவிடுவேன். அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். “வீட்ல அம்மா, ‘ஜோசியர் என்ன சொன்னாரு’ன்னு கேட்டா, என்ன சொல்வீங்க?” என்று கேட்பேன். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். அதில் நமக்கு ஒன்றும் தெரியவராது.

இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஆக, விக்கக் கூடாதுங்கிறீங்க” என்றார்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. இந்த இடத்தில் அவரை அனுப்பியிருந்தால், ஜோசியர் விற்க வேண்டாம் என்றார் என்று மூன்று வட்டியைக் கட்டிக்கொண்டே இருந்திருப்பார். இரண்டு லட்சத்துக்கு மாதம் ஆறாயிரம். 2027 நடு வரை கணக்குப் போட்டால் வட்டி மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டும். என் வாயால் வராத ஒரு வார்த்தைக்கு அந்தக் குடும்பம் கொடுக்கும் விலை அது. அன்றைய சந்திப்பில் மிக முக்கியமான நிமிடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பலன் சொன்னது கூட இரண்டாம்பட்சம்.

“இல்லை தம்பி. விக்கிறதும் விக்காததும் நீங்களும் உங்க வீட்லயும் எடுக்கிற முடிவு. ஜாதகம் சொல்றது, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீங்கன்னு மட்டும்தான். எல்லாத்தையும் பார்த்துட்டு நிதானமா வித்தா அது வேற விஷயம்.” மறுபடி சொல்லச் சொன்னேன். இரண்டாவது தடவை, “அவசரப்பட்டு முன்பணம் வாங்கிடாதே, விசாரிச்சுட்டு முடிவு பண்ணுங்கிறாரு” என்றார். சரி, இது வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய வாக்கியம். என் வாக்கியத்தைவிட நன்றாகவே இருந்தது.

சுருக்கம் தவறாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, திருப்பிச் சொல்லும்போது கிரகத்தின் பெயர் முதலில் வருவது. “சனி புடிச்சிருக்கு” என்று தொடங்கினால் பயம் மட்டும் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, நான் சொன்ன ‘இழுபறி’, ‘தாமதம்’ போன்ற சொற்கள் ‘நடக்காது’, ‘கூடாது’ என்று மாறி வருவது. இரண்டில் எது வந்தாலும் சுருக்கத்தை வேறு வார்த்தையில் மறுபடி சொல்ல வேண்டும். அதே வார்த்தையைக் கொஞ்சம் உரக்கச் சொல்வதில் பயனில்லை.

செய்ய வேண்டியது

அடுத்து என்ன செய்வது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: என் கணிப்பே தப்பிப்போனாலும் அந்தக் காரியம் வீணாகப் போகக் கூடாது. கடன் பேச்சு 2026லேயே தீர்ந்துவிட்டாலும், 2029 வரை இழுத்தாலும், அவர் செய்தது அவருக்கு உதவியாகவே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட காரியங்கள் எப்போதும் சிறியவைதான். ஒரு நாளில் முடிகிறவை, அவர் கையிலேயே இருப்பவை, காசு அதிகம் கேட்காதவை.

இவருக்கு முதலாவது பட்டாவும் வில்லங்கமும். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். “அண்ணன் பேரும் என் பேரும் இருக்கும்னு நினைக்கிறேன்” என்றார். நினைக்கிறேன் என்றால் பார்த்ததில்லை என்று பொருள். தரகரிடம் மறுபேச்சுப் பேசும் முன் பட்டா, சிட்டா நகலும் வில்லங்கச் சான்றும் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். இ-சேவை மையத்தில் ஒரு காலைப்பொழுது வேலை. எந்த நாள் போவீர்கள் என்று கேட்டேன். “போகணும்” என்று இழுத்தார். நாள் கேட்டால் இழுக்கிறார் என்றால் காரியம் இன்னும் பெரிதாக இருக்கிறது அல்லது நடுவில் ஏதோ தடை இருக்கிறது. விசாரித்தால், சர்வே எண் அவருக்குத் தெரியாது. பழைய பத்திரம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில். ஆக முதல் காரியம் அன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுப்பது என்று சுருங்கியது. அதற்கு உடனே, “இன்னைக்கே எடுத்துடறேன்” என்றார்.

இரண்டாவது, கடன்களை ஒரே தாளில் எழுதுவது. யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, நகை எந்த மாதம் தவணை. மனைவியையும் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று நான் சொல்லவில்லை, அது என் வேலை இல்லை. தாளில் எழுதினால் மூன்று வட்டி எந்த வரியில் உட்கார்ந்திருக்கிறது என்பது அவர்கள் கண்ணுக்கே தெரியும். மூன்றாவது, திருப்பூரிலிருக்கும் அண்ணன் பொங்கலுக்கு வரும்போது நேரில் உட்கார்ந்து பேசுவது. அதற்குள் சம்பா அறுவடையும் நெருங்கிவிடும், கையில் என்ன வரும் என்பதும் ஓரளவு தெரியும். அதுவரை தரகரிடம் சொல்ல ஒரு பதில் வேண்டுமே? “அண்ணன் வந்ததும் சொல்றேன்” என்பது பொய்யில்லாத, யாரையும் புண்படுத்தாத பதில்.

மூன்றுக்கு மேல் நான் தருவதில்லை. வைத்தியம், வழக்கு சம்பந்தப்பட்ட கேள்வியாக இருந்தால் ஒன்றே ஒன்றுதான்: இந்த வாரத்துக்குள் டாக்டரையோ வக்கீலையோ பார்ப்பது, அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொண்டு போவது. ஆயுள் பற்றி எந்தச் சுருக்கமும் சொல்வதில்லை. மருந்தை நிறுத்துவது, அறுவைச் சிகிச்சையைத் தள்ளுவது பற்றி ஜாதகத்தை வைத்து வாய் திறப்பதே இல்லை.

பரிகாரம்? கேட்காமல் யாரும் போக மாட்டார்கள். நான் நம்புகிறவன், அதனால் சொல்வேன். ஆனால் காரியங்களுக்குப் பிறகுதான் சொல்வேன், ஒன்றுதான் சொல்வேன், நடந்துபோகிற தூரத்தில் சொல்வேன். இவருக்கு அவர் ஊர்ச் சிவன் கோயிலில் சனிக்கிழமை எள் தீபம். “திருநள்ளாறு போக வேணாமா ஐயா? திருநாகேஸ்வரத்துல பால் அபிஷேகம் பண்ணச் சொன்னாங்களே?” என்றார். போகலாம், அறுப்பு முடிந்து கையில் காசு வந்த பிறகு. கடனைப் பற்றிக் கேட்க வந்தவரைக் கடன் வாங்கிக் கோயிலுக்கு அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. பரிகாரத்தை முதலில் சொன்னால் இன்னொரு தொல்லையும் உண்டு. கோயிலுக்குப் போய் வந்ததும் கடமை முடிந்த நிம்மதி வந்துவிடும், டிரங்குப் பெட்டி திறக்கப்படாமலே கிடக்கும்.

கடைசியாக ஒரு அரைத்தாளும் பேனாவும் அவர் கையில் கொடுத்து அவரையே எழுதச் சொன்னேன். மேலே அவர் சொன்ன வாக்கியம், கீழே மூன்று காரியம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் நாள். என் கையெழுத்தில் கொடுத்தால் அது ஜோசியர் சீட்டு, பூஜை மாடத்துக்குப் போய்விடும். அவர் எழுதியது சட்டைப்பையில் இருக்கும். மாசியில் அவர் வந்தபோது, பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தது தெரியவந்திருந்தது. வாரிசுச் சான்றுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். நிலத்தை விற்பதா வேண்டாமா என்று அப்போதும் முடிவாகவில்லை. நகையைத் திருப்பியிருக்கவில்லை. ஆனால் அறுவடைப் பணத்தில் மூன்று வட்டிக் கடனில் பாதியைக் கட்டியிருந்தார்கள்.

எழுதத் தெரியாதவர்களும் தொலைபேசியில் வருபவர்களும்

எழுத முடியாதவர்களுக்குத் தாள் வேலைக்கு ஆகாது. வயதான பெண்கள் தனியாக வந்தால் ஒரே ஒரு காரியம், அதையும் அவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒன்றோடு சேர்த்துச் சொல்வேன். “வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறப்ப அப்படியே ரேஷன் கடைக்குப் பக்கத்துல இருக்கிற இ-சேவைல பென்ஷன் விண்ணப்பம் என்ன ஆச்சுன்னு கேட்டுட்டு வாங்க” என்பது மாதிரி. கூட வருகிற பேத்தியோ மருமகளோ இருந்தால் திருப்பிச் சொல்லும் வேலையை அவர்களிடம் கொடுத்துவிடக் கூடாது. கேட்க வந்தவர்தான் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் தொலைபேசியில் கேட்பவர்கள் இப்போது அதிகம். அவர்களிடம் பேச்சை முடித்த பிறகு, “நான் என்ன சொன்னேன், நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு அரை நிமிஷம் பேசி வாட்சப்பில் அனுப்புங்க” என்று கேட்டுக்கொள்கிறேன். சிலர் உடனே அனுப்புவார்கள். அதில் தப்பு இருந்தால் அப்போதே திருத்தி நானும் குரல் அனுப்புவேன். மறுநாள் வரை ஒன்றும் வரவில்லை என்றால் நானே கூப்பிடுகிறேன். பணம் கேட்கத்தான் கூப்பிடுகிறேனோ என்று முதலில் தயங்குகிறார்கள், அப்புறம் சொல்லத் தொடங்குகிறார்கள்.